துத்தநாகம், தாமிரம், நடுவே ஓர் உப்புப் பாலம்

துத்தநாகத் தகடு ஒன்றை மயில்துத்தக் கரைசலில், அதாவது காப்பர் சல்பேட் கரைசலில், நிறுத்தி வைத்தால் சில நிமிடங்களிலேயே அதன் பளபளப்பு போய்விடும். தகட்டின் மேல் கருப்பும் செம்பழுப்பும் கலந்த பஞ்சு போன்ற படிவு ஏறும். நேரம் ஆக ஆகக் கரைசலின் நீலம் வெளுக்கும்; தொட்டுப் பார்த்தால் குவளை சற்றே வெதுவெதுப்பாக இருக்கும். துத்தநாக அணு ஒவ்வொன்றும் இரண்டு எலக்ட்ரான்களை விட்டுவிட்டு அயனியாகக் கரைசலில் இறங்குகிறது. அந்த இரண்டையும் தாமிர அயனி ஒன்று வாங்கிக்கொண்டு உலோகமாகத் தகட்டின் மேல் படிகிறது.

Zn + Cu²⁺ → Zn²⁺ + Cu

கொடுப்பதும் வாங்குவதும் ஒரே இடத்தில் நடந்து முடிவதால் இதில் வெளிப்படும் ஆற்றல் முழுவதும் வெப்பமாகவே போய்விடுகிறது. எலக்ட்ரான்கள் ஒரு கம்பியின் வழியே சென்று வேலை செய்ய வேண்டுமானால், கொடுப்பவரையும் வாங்குபவரையும் பிரித்து வைக்க வேண்டும்.

பிரிப்பது எளிது. ஒரு குவளையில் துத்தநாக சல்பேட் கரைசலும் துத்தநாகத் தகடும். இன்னொன்றில் காப்பர் சல்பேட் கரைசலும் தாமிரத் தகடும். இரண்டு தகடுகளுக்கும் நடுவே வோல்ட்மீட்டரைக் கம்பியால் இணைத்தால் முள் அசையாது. ஆனால் பொட்டாசியம் குளோரைடு நிரம்பிய, ப வடிவில் வளைந்த ஒரு கண்ணாடிக் குழாயைக் கவிழ்த்து, அதன் ஒரு முனை ஒரு குவளையிலும் மறுமுனை அடுத்த குவளையிலும் அமிழும்படி வைத்தால் அந்தக் கணமே சுமார் 1.1 வோல்ட் காட்டும். இந்தக் குழாய்தான் உப்புப் பாலம். கரைசல்கள் இரண்டும் ஒரே செறிவில் இருந்தால், துத்தநாகத்தின் மின்னழுத்தமான −0.76 வோல்ட்டுக்கும் தாமிரத்தின் +0.34 வோல்ட்டுக்கும் உள்ள இடைவெளியே இந்த 1.1.

பாலம் இல்லாதபோது ஏன் ஒன்றும் நடப்பதில்லை? கரைசலில் மின்னூட்டம் சேர்ந்து சேர்ந்து வினை மெல்ல மெல்ல நின்றுவிடுகிறது என்று பல பாடநூல்கள் எழுதுகின்றன. காரணம் சரிதான், 'மெல்ல மெல்ல' என்பதுதான் தவறான எண்ணத்தைத் தருகிறது. ஒரு துத்தநாக அயனி கரைசலில் இறங்கி, அதன் எலக்ட்ரான்கள் கம்பி வழியே வெளியேறினால் அந்தக் குவளையில் நேர்மின்னூட்டம் கூடுகிறது. மறுபக்கத்தில் தாமிர அயனி தகட்டில் படிந்துவிட, அதற்கு இணையாக இருந்த சல்பேட் அயனி தனித்து நிற்கிறது. அந்தக் குவளை எதிர்மின்னூட்டம் பெறுகிறது. இந்த ஏற்றத்தாழ்வு, அடுத்த எலக்ட்ரானைப் போகவிடாமல் பின்னுக்கு இழுக்கும். இழுப்பு 1.1 வோல்ட்டை எட்டியதும் எல்லாம் நின்றுவிடும்.

அந்த நிலையை எட்ட எவ்வளவு மின்னூட்டம் வேண்டும் என்று கணக்கிட்டால் வியப்பாக இருக்கும். பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் இரண்டு சிறு குவளைகளின் மின்தேக்குதிறன் 10 பிக்கோஃபாரட் அளவில் இருக்கும் என்று கொள்ளலாம். அப்படியானால் சுமார் 7 கோடி எலக்ட்ரான்கள் இடம் மாறினாலே போதும். எண் பெரிதாகத் தெரிந்தாலும், அதற்காகக் கரையும் துத்தநாகம் ஒரு மில்லிகிராமில் ஏறக்குறைய 27,000 கோடியில் ஒரு பங்குதான். எந்தத் தராசிலும் இது தெரியாது. கம்பியில் 2 மில்லிஆம்பியர் ஓடும் வேகத்தில் பார்த்தால், ஒரு வினாடியில் 20 கோடியில் ஒரு பங்கு நேரத்துக்குள் கதை முடிந்துவிடும். ஆகவே பாலம் இல்லாத மின்கலம் கொஞ்ச நேரம் ஓடி நிற்பதில்லை. அது தொடங்குவதே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

பாலத்தின் வேலை இந்த மின்னூட்டத்தைச் சேரவிடாமல் செய்வது. அதனுள் பொட்டாசியம் அயனிகளும் குளோரைடு அயனிகளும் சம எண்ணிக்கையில் நெருக்கமாக இருக்கின்றன. துத்தநாகக் குவளையில் நேர்மின்னூட்டம் கூடத் தொடங்கிய உடனேயே குளோரைடு அயனிகள் அந்தப் பக்கம் இறங்குகின்றன. துத்தநாக அயனிகளில் சிறிதளவு பாலத்துக்குள் ஏறவும் செய்கின்றன. தாமிரக் குவளையில் நேர் அயனிகள் குறையும்போது பொட்டாசியம் அயனிகள் அங்கே போகின்றன. ஒரு துத்தநாக அணு கரைவதற்குப் பாலத்தின் குறுக்கே இரண்டு அலகு மின்னூட்டம் கடந்தாக வேண்டும். அதில் ஏறத்தாழப் பாதியைப் பொட்டாசியமும் மறுபாதியைக் குளோரைடும் எதிரெதிர்த் திசைகளில் சுமக்கின்றன. படங்களில் குளோரைடு ஒரு பக்கமும் பொட்டாசியம் ஒரு பக்கமும் காலி செய்துகொண்டு போவது போல அம்புக்குறி போடுவது ஒரு சுருக்கம்தான்.

பாலத்தின் வழியே எலக்ட்ரான் போவதில்லை என்பதையும் இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். மின்சுற்றை முழுமையாக்குவது மட்டும்தான் பாலத்தின் வேலை என்றால், அதற்குப் பதில் ஒரு தாமிரக் கம்பியை இரண்டு குவளைகளிலும் முக்கிவிடலாமே? முக்கிப் பார்த்தால் பயன் இருக்காது. கரைசலில் எலக்ட்ரான் தனியாக நீந்தாது. எனவே கம்பியின் வழியே மின்னோட்டம் செல்ல அதன் இரு முனைகளிலும் ஒவ்வொரு வேதிவினை நடந்தாக வேண்டும். தாமிரக் குவளையில் உள்ள முனை கரைய வேண்டும். துத்தநாகக் குவளையில் உள்ள முனையில் துத்தநாகம் படிய வேண்டும். தகடுகளில் நடப்பதற்கு நேர் எதிரான வினைகள் இவை. ஒரு பக்கம் கிடைக்கும் 1.1 வோல்ட்டை மறுபக்கம் அப்படியே திருப்பிக் கொடுப்பதாகிவிடும்.

ஓர் எடுத்துக்காட்டைக் கடைசிவரை பார்க்கலாம். மின்கலத்திலிருந்து 2 மில்லிஆம்பியர் மின்னோட்டம் 5 மணி நேரம் எடுக்கப்படுகிறது. மொத்தம் 36 கூலூம். முடிவில் தகடுகளைக் கழுவி உலர்த்தி நிறுத்தால், துத்தநாகம் 12.2 மில்லிகிராம் குறைந்திருக்க வேண்டும், தாமிரம் 11.9 மில்லிகிராம் கூடியிருக்க வேண்டும். இதே 36 கூலூம் அயனிகளின் தோளில் பாலத்தையும் கடந்திருக்கும். 20 சென்டிமீட்டர் நீளமும் 6 மில்லிமீட்டர் உள்விட்டமும் உள்ள குழாயில் நிறைசெறிவு உப்பு இருந்தால், அதில் உள்ள அயனிகளில் இந்த வேலைக்குச் செலவாவது நூற்றில் இரண்டு பங்கு கூட இல்லை. பாலம் 'தீர்ந்துபோவது' என்பது இந்த அளவு மின்னோட்டத்தில் கவலைப்பட வேண்டிய விஷயமே அல்ல.

எல்லா உப்புகளையும் விட்டுவிட்டுப் பொட்டாசியம் குளோரைடைத் தேர்ந்தெடுப்பதற்குக் காரணம், அதன் இரண்டு அயனிகளும் நீரில் ஏறக்குறைய ஒரே வேகத்தில் நகர்வதுதான். சோடியம் குளோரைடில் சோடியம் பின்தங்கும். வேகம் ஒத்துப்போகாவிட்டால், வேகமான அயனி முன்னே ஓடி, பாலத்தின் முனையில் தேவையில்லாத ஒரு சிறு மின்னழுத்தத்தை உண்டாக்கும், அளவீடு பிசகும். செறிவை முடிந்தவரை கூட்டி வைப்பதும் இதற்காகத்தான். பாலத்தின் அயனிகளே முனையில் கூட்டமாக இருந்தால், அங்கே அவற்றின் சமவேகமே செல்லும். வெள்ளி நைட்ரேட் கரைசல் உள்ள மின்கலத்துக்கு மட்டும் இந்த உப்பு ஆகாது. குளோரைடு பட்டதும் வெள்ளி குளோரைடு வெண்படிவாகி வாயை அடைத்துவிடும். அங்கே பொட்டாசியம் நைட்ரேட்டைப் பயன்படுத்துவார்கள்.

பாலம் செய்வது சமையல் மாதிரிதான். 100 மில்லி நீரில் 3 கிராம் அகர், அதாவது இனிப்புக்குப் பயன்படும் கடல்பாசி, போட்டுக் கொதிக்கவைத்துக் கரைக்க வேண்டும். பிறகு சுமார் 30 கிராம் பொட்டாசியம் குளோரைடைச் சேர்த்துக் கலக்கி, சூடு ஆறுமுன் வளைந்த குழாயில் ஊற்ற வேண்டும். ஆறியதும் கட்டியாகிவிடும். அகர் மின்சாரத்துக்கு எதுவும் செய்வதில்லை. உப்புநீர் கொட்டிவிடாமலும் இரண்டு குவளைகளின் கரைசல்கள் ஓடிக் கலந்துவிடாமலும் பிடித்து வைக்கிறது. அவ்வளவே. அயனிகள் அதன் இடுக்குகள் வழியே சிரமமில்லாமல் போய்வரும்.

ஊற்றும்போது ஒரு காற்றுக்குமிழ் உள்ளே மாட்டிக்கொண்டால் வேலை கெட்டது. உலர்ந்து சுருங்கி, கண்ணாடிச் சுவரை விட்டு விலகிய அகரும் அப்படித்தான். இதில் ஏமாற்றம் என்னவென்றால், வோல்ட்மீட்டர் இதைக் காட்டிக்கொடுக்காது. எண்காட்டும் மீட்டர்கள் வழியே ஓடும் மின்னோட்டம் மிக மிகக் குறைவு என்பதால், குமிழைச் சுற்றி ஒரு மெல்லிய ஈரப்படலம் இருந்தாலே 1.1 வோல்ட் வந்துவிடும். பாலம் நன்றாக இருக்கிறதா என்று அறிய, தகடுகளுக்கு நடுவே 1,000 ஓம் மின்தடை ஒன்றை இணைத்த நிலையிலேயே அழுத்தத்தைப் படிக்க வேண்டும். மேலே சொன்ன அளவுள்ள நல்ல பாலத்தின் தடை சுமார் 250 ஓம். அப்போது மீட்டர் 0.88 வோல்ட் அளவில் நிற்கும். அது 0.2 வோல்ட்டுக்கு இறங்கினால், உள்தடை 4,500 ஓம் என்று பொருள். பாலத்தை மாற்ற வேண்டியதுதான். உப்புநீரில் நனைத்த வடிதாள் துண்டைப் பாலமாக வைத்துச் செய்யும் பள்ளிச் சோதனைகள் பலவற்றில் மீட்டர் சரியாகக் காட்டியும் சிறு மோட்டார் ஓடாததற்கு இந்த உள்தடைதான் காரணம்.

பாலம் ஒரு முழுமையான தடுப்பும் அல்ல. மின்னோட்டம் எடுக்காவிட்டாலும் அயனிகள் தாமாகவே பரவிக்கொண்டிருக்கும். மின்கலத்தை அப்படியே விட்டுவைத்தால் தாமிரக் குவளையின் பக்கம் அகருக்குள் நீலம் மேலேறுவதைக் கண்ணால் பார்க்கலாம். அந்த நீலம் மறுபக்கத்தை எட்டினால் துத்தநாகத் தகட்டில் கருமை தட்டும். முதலில் சொன்ன நேரடி வினை அங்கே தொடங்கிவிட்டது என்பதற்கான அடையாளம் அது. அதனால் வேலை முடிந்ததும் பாலத்தை எடுத்து, முனைகளைக் கழுவி, பொட்டாசியம் குளோரைடு கரைசலில் அமிழ்த்தி வைப்பது வழக்கம்.

நூற்றுக்கணக்கான ஓம் தடையுள்ள கண்ணாடிப் பாலத்தைக் கொண்டு சில மில்லிஆம்பியருக்கு மேல் எடுக்க முடியாது. லண்டன் கிங்ஸ் கல்லூரியின் ஜான் ஃபிரெடெரிக் டேனியல் 1836இல் இந்த இணையைக் கொண்டு மின்கலம் அமைத்தபோது பாலம் வைக்கவில்லை. காப்பர் சல்பேட் நிரம்பிய தாமிரப் பாத்திரத்துக்குள் மாட்டின் உணவுக்குழாயைத் தொங்கவிட்டு, அதற்குள் நீர்த்த கந்தக அமிலத்தையும் துத்தநாகக் கோலையும் வைத்தார். பின்னாளில் மெருகிடாத மண்பானை அந்த இடத்தைப் பிடித்தது. பானைச் சுவர் மெல்லியது, பரப்பும் பெரியது. நுண்துளைகள் வழியே அயனிகள் தாராளமாகப் போகும், தடை குறையும். ஆனால் தாமிர அயனிகள் கசிவதும் அதே அளவுக்கு எளிது. சும்மா வைத்திருந்தால் துத்தநாகம் வீணாகக் கரையும். ஆகவே தந்தி நிலையங்களைப் போல, நிற்காமல் மின்னோட்டம் எடுக்கும் இடங்களுக்கே அது பொருந்தியது.