பாதியில் நிற்கும் ஜாக்கி

உத்திரமேரூர்ப் பக்கம் சேற்று உழவுக்கு டிராக்டரில் கேஜ் வீல் மாட்டும் நாட்களில்தான் பல ஷெட்டுகளில் டிராலி ஜாக்கி (தரையில் உருட்டிப் போகும் எண்ணெய் ஜாக்கி) வெளியே வரும். மாதக்கணக்கில் மூலையில் கிடந்தது அன்றைக்குத்தான் மக்கர் பண்ணும். பக்கத்து வீட்டுக்காரரின் 3 டன் ஜாக்கி போன முறை பாதி உயரம் ஏறி நின்றுவிட்டது. அவர் உடனே சீல் கிட் வாங்கி வந்துவிட்டார். அது தேவையா என்று முதலில் பார்ப்போம்.

பாதியில் நின்றால் என்ன அர்த்தம்?

பெரும்பாலும் எண்ணெய் குறைவு. கைப்பிடியை அடிக்கும்போது சின்ன பம்ப் எண்ணெயைத் தொட்டியிலிருந்து எடுத்து, பெரிய தண்டுக்கு அடியில் தள்ளுகிறது. தொட்டி காலியானால் தண்டு அந்த இடத்திலேயே நின்றுவிடும். அதற்கு முன் ரிலீஸ் வால்வை (தண்டை இறக்கத் திறக்கும் திருகு) இறுக மூடியிருக்கிறீர்களா என்று பாருங்கள். அரைகுறையாக மூடியிருந்தால் எவ்வளவு அடித்தாலும் ஏறாது.

எண்ணெய் எவ்வளவு, எந்த எண்ணெய்?

ஜாக்கியைச் சமதரையில் வைத்துத் தண்டை முழுவதும் இறக்குங்கள். பிறகு நிரப்பும் துளையின் மூடியைக் கழற்றுங்கள். துளையின் கீழ் விளிம்புவரை எண்ணெய் இருந்தால் போதும். தண்டு ஏறியிருக்கும்போது நிரப்பினால், இறக்கும்போது எண்ணெய் பீய்ச்சிக்கொண்டு வெளியே வரும்.

ஹைட்ராலிக் ஆயில் மட்டும் ஊற்றுங்கள். டப்பாவில் 32 என்ற எண் இருப்பது பெரும்பாலான ஜாக்கிகளுக்குச் சரிவரும். பிரேக் ஆயில் ஊற்றலாமா என்று கேட்பீர்கள். கூடவே கூடாது. இந்த ஜாக்கிகளில் பெரும்பாலும் இருக்கும் ரப்பர் அதில் ஊறி உப்பிவிடும். வடித்த பழைய இன்ஜின் ஆயிலும் வேண்டாம், அதிலுள்ள பொடி வால்வுகளில் போய் உட்காரும்.

எண்ணெய் இருந்தும் கைப்பிடி 'புஸ்'ஸென்று இறங்குகிறதே?

உள்ளே காற்று மாட்டியிருக்கிறது. எண்ணெய் அழுந்தாது, காற்று அழுந்தும். நீங்கள் அடிப்பதெல்லாம் காற்றைச் சுருக்குவதிலேயே போய்விடுகிறது. ஜாக்கியைச் சுவரில் சாய்த்து வைக்கும் பழக்கத்தாலும் காற்று பம்புக்குள் போகும்.

பாரம் எதுவும் ஏற்றாமல் ரிலீஸ் வால்வைத் திறந்து, கைப்பிடியை மேலும் கீழும் முழு வீச்சில் வேகமாகப் பத்துப் பதினைந்து முறை அடியுங்கள். நிரப்பும் மூடியை லேசாகத் தளர்த்திக் காற்றை வெளியே விட்டு இறுக்குங்கள். பிறகு வால்வை மூடி ஏற்றிப் பாருங்கள். இன்னும் மெத்தென்று இருந்தால் திரும்பவும் செய்யுங்கள். பக்கத்து வீட்டு ஜாக்கி எண்ணெய் ஊற்றி, இரண்டாம் சுற்றில் முழு உயரம் ஏறியது.

ஆனால் ஏறியது மெல்ல இறங்கினால்?

அவருடையதும் இறங்கியது. காரின் முன்பக்கத்தைத் தூக்கிவைத்தோம், அரை மணி நேரத்தில் சக்கரம் தரையைத் தொட்டது. இந்தச் சோதனையின்போது யாரும் அடியில் போகக் கூடாது. வேலை செய்ய இரும்பு ஸ்டாண்டு கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் உடைந்துவிடும்.

முதலில் வெளியே எண்ணெய் ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். தண்டின் தலைப்பக்கமோ பம்பைச் சுற்றியோ கசிந்தால், அந்த இடத்துச் சீல் தேய்ந்துவிட்டது.

வெளியே காய்ந்திருந்தால் கசிவு உள்ளுக்குள்ளே நடக்கிறது. பாரம் இருக்கும்போது கைப்பிடியைக் கீழே அழுத்திப் பிடியுங்கள். அது உங்கள் கையை மேலே தள்ளினால், பம்புக்கும் தண்டுக்கும் நடுவிலுள்ள குண்டு வால்வு (எண்ணெய் திரும்பி வராமல் தடுக்கும் சின்ன இரும்புக் குண்டு) சரியாக உட்காரவில்லை. தள்ளாவிட்டால் சந்தேகம் ரிலீஸ் வால்வின் குண்டு மேலோ, தண்டின் அடியிலுள்ள சீல் மேலோ போகும்.

சீலைவிடக் குண்டைச் சுத்தம் செய்வது சுலபம், அதனால் அதிலிருந்து தொடங்குங்கள். பாரத்தை எடுத்து, தண்டை முழுவதும் இறக்கி, அடியில் தட்டு வைத்து ரிலீஸ் திருகைக் கழற்றுங்கள். எண்ணெயோடு குண்டும் விழும், தொலைத்துவிடாதீர்கள். குண்டையும் அது உட்காரும் குழியையும் மண்ணெண்ணெயில் கழுவி, நூல் உதிராத துணியால் துடையுங்கள். அவருடைய ஜாக்கியில் குழியின் ஓரத்தில் வயல் மண் துகள் ஒன்று ஒட்டியிருந்தது. அதைத் துடைத்து, புது எண்ணெய் ஊற்றிக் காற்றை வெளியேற்றியதும் இறக்கம் நின்றது. பக்கத்தில் இன்னும் சில திருகுகள் இருக்கும். அவற்றில் ஒன்று அளவுக்கு மீறிய பாரத்தைத் தடுக்கும் பாதுகாப்பு வால்வு, அதைத் தொடாதீர்கள்.

சீல் மாற்றியே ஆக வேண்டுமென்றால்?

கிண்ண வடிவச் சீலின் உதடு எண்ணெய் அழுத்தம் வரும் பக்கம் பார்க்க வேண்டும். அழுத்தம் ஏற ஏற உதடு விரிந்து சுவரோடு ஒட்டிக்கொள்ளும். 1795-இல் ஜோசப் பிரமா காப்புரிமை பெற்ற ஹைட்ராலிக் அழுத்தியிலும் தண்டைச் சுற்றிக் கசிவதுதான் சங்கடமாக இருந்தது. அவர் பட்டறையில் வேலை பார்த்த ஹென்றி மாட்ஸ்லே தோல் கிண்ணத்தால் அதைத் தீர்த்தார் என்பார்கள். உதட்டைத் திருப்பிப் போட்டால் புதுச் சீலும் முதல் நாளே ஒழுகும். கிட் வாங்கக் காஞ்சிபுரமோ செங்கல்பட்டோ போனால் பழைய சீலைக் கையோடு கொண்டுபோய் அளவு பாருங்கள்.

தண்டைத் துடைத்து நகத்தால் தடவிப் பாருங்கள். நகம் மாட்டும் அளவுக்குக் கீறலோ துருக்குழியோ இருந்தால் எந்தப் புதுச் சீலும் சீக்கிரமே கிழிந்துவிடும். அந்த ஜாக்கிக்கு கிட் காசு தண்டம்.