பென்ஷன் கணக்கில் விழும் இரண்டு வரவுகள்

மத்திய அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவரை எடுத்துக்கொள்வோம். கையில் வந்த பணத்தில் 15 லட்சத்தை வங்கியில் நிரந்தர வைப்பாகப் போட்டு, மாதா மாதம் வட்டி கேட்கிறார். மற்றவர்களுக்கு 7 சதவீதம் என்றால், 60 வயது நிறைந்தவருக்குப் பெரும்பாலான வங்கிகள் அரை சதவீதம் கூட்டித் தரும், இவருக்கு 7.5. ஆனால் வைப்புப் போடும் நாளில் 60 முடிந்திருக்க வேண்டும். 59 வயதில் போட்டது, பிறந்தநாள் வந்ததும் தானாக உயராது. கூட்டு வைப்பு என்றால் முதல் பெயர் மூத்தவருடையதாக இருப்பது அவசியம்.

7.5 சதவீதத்துக்கு ஆண்டு வட்டி 1,12,500 ரூபாய். பன்னிரண்டால் வகுத்தால் 9,375. கணக்கில் வருவதோ 9,317 ரூபாய்தான். இதில் தவறு எதுவும் இல்லை. வங்கி வட்டியைக் கணக்கிடுவது மூன்று மாதத்துக்கு ஒருமுறை. அதற்கு முன்பே மாதந்தோறும் கொடுப்பதால், முன்கூட்டிக் கொடுப்பதற்கு ஈடாகச் சிறிது கழித்துக்கொள்கிறது. வீட்டுச் செலவுக்கு மாதப்பணம் தேவையில்லாதவர் காலாண்டு வட்டி வாங்கினால், முழு 28,125 ரூபாய் கிடைக்கும்.

திடீரென்று ஒரு மாதம் 8,385 ரூபாய் மட்டும் வந்தால், வரி பிடித்திருக்கிறார்கள் என்று புரிந்துகொள்ளலாம். 2025 ஏப்ரல் முதல், மூத்த குடிமக்களுக்கு ஒரே வங்கியில் ஆண்டு வட்டி ஒரு லட்சத்தைத் தாண்டினால் 10 சதவீதம் பிடிக்கப்படுகிறது. எல்லாக் கிளைகளின் வைப்புகளையும் சேர்த்தே பார்ப்பார்கள். நம்மவருக்கு 1,11,804 ரூபாய் என்பதால் வரம்பைத் தாண்டிவிட்டார். மொத்த வருமானத்துக்கு வரியே வராது என்றால், நிதியாண்டின் தொடக்கத்திலேயே அதற்கான உறுதிமொழிப் படிவத்தை வங்கியில் கொடுத்துவிட வேண்டும். 15எச் என்று பலருக்கும் பழக்கமான படிவம் அது. ஒவ்வோர் ஆண்டும் புதிதாகக் கொடுக்க வேண்டும்.

பென்ஷன் வரும் வழி வேறு. அதை அனுப்புவது நம் கிளை மேலாளர் அல்ல. வங்கியின் மத்திய பென்ஷன் செயலாக்க மையம். பென்ஷன் ஆணையின் எண்ணை வைத்து, அடிப்படைத் தொகையோடு அகவிலை நிவாரணத்தைச் சேர்த்து, வரி இருந்தால் கழித்து, மாதத்தின் கடைசி நான்கு வேலை நாட்களுக்குள் சேமிப்புக் கணக்கில் வரவு வைக்கிறது. மார்ச் மட்டும் விலக்கு: அந்த மாதப் பென்ஷன் ஏப்ரலில்தான் வரும். மார்ச் 31 அன்று பணம் வரவில்லை என்று பதறி வங்கிக்கு ஓட வேண்டியதில்லை.

பதற வேண்டியது நவம்பரில். அந்த மாதத்துக்குள் உயிர்வாழ் சான்று போய்ச் சேராவிட்டால் டிசம்பர் பென்ஷன் நின்றுவிடும். சான்று கொடுத்த பிறகு நிலுவையோடு வரும். 80 வயது கடந்தவர்கள் அக்டோபர் 1 முதலே கொடுக்கலாம். கைபேசியில் முகத்தைக் காட்டிச் சான்று பதிந்து, அடையாள எண் வந்துவிட்டது என்று இருந்துவிடுபவர்கள் உண்டு. ஆணை எண்ணிலோ கணக்கு எண்ணிலோ ஓர் இலக்கம் பிசகினால் வங்கி அதை நிராகரிக்கலாம். ஆகவே அந்த எண்ணைக் கொண்டு jeevanpramaan.gov.in தளத்தில், சான்று ஏற்கப்பட்டதா என்பதை நவம்பர் முடியும் முன்பே பார்த்துவிடுங்கள்.