குழந்தைக்காகக் காத்திருப்பவர்கள் மது அருந்தலாமா? சந்தேகங்களும் விளக்கங்களும்

தேனி மாவட்டத்தில் குழந்தையின்மைச் சிகிச்சைக்குப் போகும் தம்பதிகளிடம் மருத்துவர் மதுப் பழக்கம் பற்றிக் கேட்டால், கேள்வி கணவரோடு முடிந்துவிடுகிறது. மனைவியிடம் யாரும் கேட்பதில்லை, அவரும் சொல்வதில்லை. 2019-21இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழகத்தில் ஆண்களில் நான்கில் ஒருவர் மது அருந்துகிறார். பெண்களில் நூற்றில் ஒருவர்கூட இல்லை. ஆனால் வெளியே சொல்லக் கூச்சப்படுவதும் இந்தக் கணக்கில் அடங்கியிருக்கும். மது என்றே நினைக்காமல் குடிப்பவையும் உண்டு. மாதவிலக்குக் கோளாறுக்கு அரிஷ்டம், சளிக்குப் பிராந்தி, பண்டிகைக்கு வீட்டில் போட்ட திராட்சை வைன் என்று அவை பல பெயர்களில் வருகின்றன. இவற்றைப் பற்றிப் பெண்களுக்கு எழும் சந்தேகங்களுக்கான விளக்கங்கள் இவை.

வைனும் அரிஷ்டமும் மதுக் கணக்கில் சேருமா?

சேரும். உடலுக்குப் பாட்டிலின் பெயர் தெரியாது. உள்ளே போகும் ஆல்கஹால் எத்தனை கிராம் என்பதுதான் கணக்கு. 12 சதவீத வைன் ஒரு கிளாஸ், அதாவது 150 மி.லி. குடித்தால் 14 கிராம் ஆல்கஹால் சேரும். 180 மி.லி. குவார்ட்டர் பிராந்தியில் ஏறக்குறைய 60 கிராம் இருக்கிறது. அரிஷ்டம் புளிக்கவைத்துச் செய்யப்படுவதால் அதிலும் ஆல்கஹால் தானாக உண்டாகிறது. லேபிளில் அதன் சதவீதத்தைப் பார்க்கலாம். 8 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், 30 மி.லி. வீதம் இரு வேளை குடிப்பவருக்கு ஒரு நாளில் 4 கிராமுக்குச் சற்றுக் குறைவாகவே சேரும். இது சிறிய அளவுதான், பயந்துபோக வேண்டாம். ஆனால் சிகிச்சையில் இருப்பவர் அந்தப் பாட்டிலை மருத்துவரிடம் காட்டாமல் குடிக்கக் கூடாது. கம்பம் பன்னீர்த் திராட்சையைப் பழமாகச் சாப்பிடலாம், அப்போதே பிழிந்து சாறாகவும் குடிக்கலாம். அதில் ஆல்கஹால் இல்லை. புளிக்கவைத்த பிறகுதான் அது வைன் ஆகிறது.

கருமுட்டை வெளியேறுவதை மது எப்படிக் கெடுக்கிறது?

கருமுட்டை சினைப்பையில் வளர்ந்தாலும், அதற்கான உத்தரவு மூளையிலிருந்து வருகிறது. மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி முதலில் முட்டையை வளர்க்கும் ஹார்மோனை அனுப்பும். முட்டை முதிர்ந்ததும் எல்.எச். என்ற ஹார்மோனை ஒரே வீச்சில் பெருக்கும். அந்தப் பெருக்கம் வந்து ஒன்றரை நாளில் முட்டை வெளியேறும். பிறகு, முட்டை இருந்த இடம் புரோஜெஸ்டிரோனைச் சுரந்து, கரு ஒட்டுவதற்குக் கருப்பையைத் தயார் செய்யும்.

அதிகமாகக் குடிக்கும்போது மூளையிலிருந்து வரும் உத்தரவு தடுமாறுகிறது. ஆல்கஹாலை எரிப்பதில் கல்லீரல் மும்முரமாக இருக்கையில், ஈஸ்ட்ரோஜனை உடைக்கும் வேலை பின்தங்கி, ரத்தத்தில் அதன் அளவு ஏறுகிறது. பால் சுரக்க உதவும் புரோலாக்டினும் கூடலாம். விளைவாக முட்டை வெளியேறாமல் போகலாம். வெளியேறினாலும் பின்பாதியில் புரோஜெஸ்டிரோன் போதாமல் போகலாம். மாதவிலக்கு தள்ளிப்போவதும், சில மாதம் வராமலே இருப்பதும் வெளியே தெரியும் அடையாளங்கள். ஆனால் மாதவிலக்கு மாதாமாதம் வருகிறது என்பதாலேயே முட்டை வெளியேறுகிறது என்று சொல்லிவிட முடியாது. ஸ்கேனும், அடுத்த மாதவிலக்கு எதிர்பார்க்கும் நாளுக்கு ஒரு வாரம் முன்பு எடுக்கும் புரோஜெஸ்டிரோன் ரத்தப் பரிசோதனையுமே அதைச் சொல்லும்.

எப்போதாவது கொஞ்சம் குடித்தால்கூடப் பாதிக்குமா?

இதில் ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. டென்மார்க்கில் 6,120 பெண்களைக் கவனித்து 2016இல் வெளியான ஆய்வில், வாரத்துக்கு 14 கிளாஸ் அல்லது அதற்கு மேல் குடித்தவர்களுக்குக் கருத்தரிக்கும் வாய்ப்பு 18 சதவீதம் குறைந்தது. அதற்குக் கீழே தெளிவான வித்தியாசம் இல்லை. ஆனால் அமெரிக்காவில் 2021இல் வெளியான ஒரு சிறிய ஆய்வு மாதத்தின் எந்தப் பகுதியில் குடித்தார்கள் என்று பிரித்துப் பார்த்தது. முட்டை வெளியேறிய பின் வரும் இரு வாரங்களில், வாரத்துக்கு மூன்று முதல் ஆறு கிளாஸ் குடித்தவர்களுக்கே வாய்ப்பு 44 சதவீதம் அளவுக்குக் குறைந்திருந்தது. கரு ஒட்ட வேண்டிய நாட்களும் இவைதான். தான் கருவுற்றிருப்பதே தெரியாத அந்த நாட்களில் ஒரு துளியும் வேண்டாம்.

ஐ.வி.எஃப். சிகிச்சை எடுக்கும்போது?

ஒரு சுற்றை நாள் கணக்கில் பார்த்தால் புரியும். மாதவிலக்கின் இரண்டாம் அல்லது மூன்றாம் நாள் ஊசி தொடங்கும். தினமும் ஊசி, இடையிடையே ஸ்கேன் என்று பத்து நாள் போல ஓடும். முட்டைப் பைகள் 18 மி.மீ. அளவுக்கு வளர்ந்ததும் கடைசி ஊசி போட்டு, 36 மணி நேரத்துக்குள் மயக்க மருந்து கொடுத்து முட்டைகளை எடுப்பார்கள். மூன்று அல்லது ஐந்து நாளில் கருவைக் கருப்பைக்குள் வைத்து, ஏறக்குறைய இரண்டு வாரம் கழித்து ரத்தப் பரிசோதனை செய்வார்கள். தேனியிலிருந்து மதுரைக்குப் பேருந்தில் அலைந்து, நகையை அடகு வைத்து எடுக்கும் சுற்று இது.

அமெரிக்காவில் 2,545 தம்பதிகளின் ஐ.வி.எஃப். சுற்றுகளை ஆராய்ந்து 2011இல் வெளியான ஆய்வில், வாரத்துக்கு நான்கு கிளாஸ் அல்லது அதற்கு மேல் குடித்த பெண்களுக்குக் குழந்தை பிறக்கும் வாய்ப்பு 16 சதவீதம் குறைந்தது. கணவன், மனைவி இருவரும் அப்படிக் குடித்தால் 21 சதவீதம் குறைந்தது. நான்கு கிளாஸ் என்பது ஒரு குவார்ட்டருக்கும் குறைவான ஆல்கஹால். மாத்திரை போட்டு முட்டையை வளர்த்து, கணவரின் விந்தணுவைக் கருப்பைக்குள் செலுத்தும் ஐ.யு.ஐ. சிகிச்சைக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

கணவர் குடித்தால் என்ன?

அதிகமாகக் குடிப்பது விந்தணுவையும் பாதிக்கலாம். விந்தணு உருவாக இரண்டரை மாதம் ஆகிறது. எனவே பரிசோதனைக்கு முந்தின நாள் மட்டும் குடிக்காமல் இருப்பதால் பயனில்லை. குழந்தை இல்லை என்றால் மனைவியை மட்டும் மருத்துவமனைக்கு அனுப்பும் வழக்கம் நம் வீடுகளில் நிற்க வேண்டும். விந்துப் பரிசோதனை முதல் நாளே நடக்க வேண்டியது.

எப்போது நிறுத்த வேண்டும்? நிறுத்தினால் போதுமா?

ஒரு முட்டை முதிர்ச்சியின் கடைசிக் கட்டத்தைக் கடக்க மூன்று மாதம் போல ஆகிறது. ஆகவே சிகிச்சைக்கு மூன்று மாதம் முன்பே இருவரும் நிறுத்துவது நல்லது. ஆனால் கருக்குழாய் அடைப்பையோ நீர்க்கட்டிப் பிரச்சினையையோ மதுவை விடுவது மட்டும் தீர்த்துவிடாது. அவற்றுக்குத் தனிச் சிகிச்சை வேண்டும். தினமும் அதிகமாகக் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் கை நடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் வரலாம். அப்படிப்பட்டவர்கள் தாங்களாக நிறுத்தாமல், க.விலக்கிலுள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற இடத்தில் மருத்துவர் மேற்பார்வையில் நிறுத்த வேண்டும்.

சிகிச்சை தொடங்கும் நாளில், எதை, எவ்வளவு குடித்தீர்கள் என்பதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். மாமியாரோ கணவரோ கூட இருப்பது தடையாக இருந்தால், தனியாகப் பேச வேண்டும் என்று கேளுங்கள். அப்படிக் கேட்பது உங்கள் உரிமை.