காரின் விலை எது? செலவு எது?

கொல்கத்தாவில் புதிய கார் வாங்கும் ஒரு நிறுவனத்திற்கு விற்பனையாளர் ஒரே தொகையைக் கூறுகிறார். 'ஆன்ரோடு விலை' எனப்படும் அத்தொகையில் காரின் விலை, சரக்கு மற்றும் சேவை வரி, பதிவுக் கட்டணம், சாலை வரி, முதல் காப்பீடு ஆகிய அனைத்தும் அடங்கியுள்ளன. காசோலை ஒன்றே ஆயினும், கணக்கில் அது ஒரே இடத்தில் சேர்வதில்லை. எவற்றைச் சொத்தின் அடக்க விலையில் சேர்ப்பது, எவற்றைச் செலவாக எழுதுவது என்பதைப் பொறுத்தே பல ஆண்டுகளின் இலாபம் அமைகிறது.

இந்தியக் கணக்கியல் தரம் 10 இதற்கு ஓர் அளவுகோலைத் தருகிறது. தள்ளுபடி நீங்கலான கொள்முதல் விலையும், திரும்பப் பெற இயலாத கொள்முதல் வரிகளும், சொத்தைப் பயன்படுத்தத்தக்க நிலைக்குக் கொண்டுவர நேரடியாக ஆகும் செலவுகளும் அடக்க விலையாகும். குறிப்பிட்ட காலத்திற்கு மட்டும் பயன் தந்து மீண்டும் செலுத்த வேண்டியிருப்பது அக்காலத்தின் செலவேயாகும்.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். கொல்கத்தாவிலுள்ள ஒரு தனியார் வரையறுக்கப்பட்ட நிறுவனம், தன் அலுவலர்களின் பயணத்திற்காக ஏப்ரல் 1 அன்று ஒரு சிறிய கார் வாங்குவதாகக் கொள்வோம். காரின் விலை 8,00,000 ரூபாய். 18 சதவீத வரி 1,44,000 ரூபாய். பதிவுக் கட்டணம் முதலியவை 1,000 ரூபாய். 5 ஆண்டுகளுக்கான சாலை வரி 50,000 ரூபாய். காப்பீடு 28,800 ரூபாய். மொத்தம் 10,23,800 ரூபாய்.

முதலில், சரக்கு மற்றும் சேவை வரி. 13 பேருக்கு மேற்படாமல் அமரக்கூடிய பயணியர் வாகனத்திற்குச் செலுத்திய வரியை, சில விதிவிலக்குகள் நீங்கலாக, உள்ளீட்டு வரி வரவாகப் பெற இயலாது. ஆதலால் அது விலையுடன் சேர்கிறது. அதே நிறுவனம் சரக்கு லாரி வாங்கியிருந்தால், வரவைப் பெறத் தகுதியுள்ள வரையில், அவ்வரி சொத்தின் விலையாகாது. பதிவுக் கட்டணமும் அடக்க விலையில் சேரும். பேல்தலா சாலையிலுள்ள பொது வாகனத் துறையில் பதிவு பெறாத கார் பயன்படுத்தத்தக்க நிலையை அடைவதில்லை. தனியார் காரின் பதிவு 15 ஆண்டுகள் செல்லும்.

சாலை வரியில்தான் கருத்து வேறுபாடு எழுகிறது. பதிவின்போதே அதைச் செலுத்த வேண்டியிருப்பதால் முழுவதையும் சொத்துடன் சேர்ப்போர் உளர். ஆனால் பெயரைக் காட்டிலும் காலத்தையே நோக்க வேண்டும். தமிழ்நாட்டில் புதிய காருக்கு ஆயுட்கால வரி ஒரே முறை செலுத்தப்படுகிறது. அது மீண்டும் வராததால் சொத்தின் விலையில் சேர்ப்பது பொருந்தும். மேற்கு வங்கத்தில் 5 ஆண்டுகளுக்கு மட்டும் வரி செலுத்தினால், ஆறாம் ஆண்டில் மீண்டும் செலுத்த வேண்டும். எனவே அதை முன்கூட்டிச் செலுத்திய செலவாகக் கொண்டு, ஆண்டுக்கு 10,000 ரூபாய் வீதம் எழுதுவதே சீரான முறையாகும்.

காப்பீட்டைப் பற்றியும் இதே வாதம் கூறப்படுகிறது: காப்பீடின்றிக் காரைச் சாலையில் ஓட்ட முடியாதே என்பார்கள். மறு ஆண்டும் இந்நிலைதான் என்பதே இதற்கு விடை. புதுப்பிக்கும் தவணையைச் செலவாக எழுதிவிட்டு, முதல் தவணையை மட்டும் சொத்தாக்குவது முரண்பாடாகும். தொழிற்சாலையிலிருந்து காரைக் கொண்டுவரும் வழிப்பயணக் காப்பீடு வேறு. அது ஒரு முறை ஆகும் செலவாதலால் விலையில் சேரும்.

2018 செப்டம்பர் 1 முதல், உச்ச நீதிமன்ற உத்தரவின்படி, புதிய காருக்கு மூன்றாம் நபர் காப்பீட்டை 3 ஆண்டுகளுக்குச் சேர்த்தே எடுக்க வேண்டும். ஆகவே காப்பீட்டுத் தொகையையும் பிரிக்க வேண்டும். நம் எடுத்துக்காட்டில், காரின் சொந்தச் சேதத்திற்கான 18,000 ரூபாய் ஓராண்டுக்குரியது. மூன்றாம் நபர் பகுதியான 10,800 ரூபாய் 3 ஆண்டுகளுக்குரியது. முதலாண்டுச் செலவு 21,600 ரூபாய். எஞ்சிய 7,200 ரூபாய் முன்கூட்டிச் செலுத்தியதாக நிற்கும்.

இவ்வாறு பிரித்தால் சொத்தின் அடக்க விலை 9,45,000 ரூபாய். 2013ஆம் ஆண்டு நிறுவனச் சட்டத்தின்படி காரின் பயன் காலம் 8 ஆண்டுகள். இறுதி மதிப்பு 5 சதவீதம் எனக் கொண்டு நேர்கோட்டு முறையில் கணக்கிட்டால், ஆண்டுத் தேய்மானம் 1,12,219 ரூபாய். இத்துடன் சாலை வரியும் காப்பீடும் சேர, முதலாண்டுச் செலவு 1,43,819 ரூபாய். மொத்தத்தையும் சொத்தாக்கியிருந்தால் 1,21,576 ரூபாய் மட்டுமே செலவாகியிருக்கும். இலாபம் 22,243 ரூபாய் கூடுதலாகத் தோன்றியிருக்கும். ஓராண்டில் தீர்ந்துபோன காப்பீட்டின் பெரும்பகுதி, அதன் பின்னரும் பல ஆண்டுகள் சொத்தென்று ஏட்டில் நின்றிருக்கும்.

இப்பிழையைக் கண்டறிவது எளிது. சொத்துப் பதிவேட்டிலுள்ள தொகை விற்பனையாளர் கூறிய மொத்தத் தொகைக்குச் சமமாக இருப்பின், அது பிரிக்கப்படவில்லை என்றே பொருள். கார் விலைப்பட்டியல், வரி ரசீது, காப்பீட்டுப் பத்திரம் ஆகிய மூன்றையும் தனித்தனியே பெற்று, ஒவ்வொன்றும் எந்த நாள் வரை செல்லும் என்று பார்ப்பதே கணக்கரின் முதற்பணியாகும்.