இயக்குநர்கள் கூட முடியாதபோது: சுற்றுத் தீர்மானம்

கம்பெனியின் இயக்குநர்கள் ஒன்றுகூட நேரமில்லாதபோது, தீர்மான வரைவை எல்லோருக்கும் அனுப்பி மின்னஞ்சலிலோ கையெழுத்திலோ சம்மதம் வாங்கி நிறைவேற்றுவது சுற்றுத் தீர்மானம். இந்தியாவில் 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 175ஆவது பிரிவு இதற்கு இடம் தருகிறது. கடன் வாங்குவது, ஆண்டுக் கணக்குகளை ஏற்பது போன்றவற்றைக் கூட்டத்தில்தான் முடிவு செய்ய வேண்டும். அவற்றை இந்த வழியில் கொண்டுவர முடியாது.

ஆறு இயக்குநர்கள் உள்ள ஒரு கம்பெனியை எடுத்துக்கொள்ளலாம். காசோலையில் கையெழுத்திடுபவர் விலகிவிட்டார். வேறொருவரை நியமிக்க வேண்டும். ஜூன் 3 அன்று வரைவும் தேவையான ஆவணங்களும் ஆறு பேருக்கும் மின்னஞ்சலில் போகின்றன. பதிலுக்கு ஏழு நாளுக்கு மேல் கெடு தரக்கூடாது என்பதால் கடைசி நாள் ஜூன் 10. பதிலில் ‘சம்மதம்’ அல்லது ‘சம்மதமில்லை’ என்று தெளிவாக இருக்க வேண்டும். தாளில் அனுப்பியிருந்தால் கையெழுத்தோடு தேதியும் வேண்டும்.

ஜூன் 8க்குள் நான்கு பேர் சம்மதித்துவிட்டார்கள். பெரும்பான்மை கிடைத்தும் தீர்மானம் இன்னும் நிறைவேறவில்லை. மூன்றில் ஒரு பங்கு இயக்குநர்கள் கேட்டால் விஷயத்தைக் கூட்டத்துக்குக் கொண்டுபோக வேண்டும். பதில் சொல்லாத இருவரும் சரியாக அந்தப் பங்கு. ஜூன் 9 அன்று ஐந்தாமவர் ‘சம்மதமில்லை’ என்று எழுதுகிறார். இனி மிச்சமுள்ள ஒருவரால் அதைத் தடுக்க முடியாது. ஆகவே தீர்மானம் நிறைவேறிய நாள் ஜூன் 9. மறுப்பு வந்த நாளில் தீர்மானம் நிறைவேறுவது விந்தையாகத் தோன்றலாம், ஆனால் கணக்கு அப்படித்தான். கடைசிவரை பதில் தராதவர் வாக்களிக்காமல் ஒதுங்கியவராகக் கருதப்படுவார்.

அடுத்த கூட்டத்தில் இதற்கு மறுபடி ஒப்புதல் வாங்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். சட்டம் அப்படிக் கேட்கவில்லை. தீர்மானம் ஜூன் 9 முதலே செல்லும். வங்கிக்கு அன்றே நகல் தரலாம். அடுத்த கூட்டம் அதைக் கவனத்தில் கொண்டு, தீர்மானத்தின் முழு வாசகத்தையும் நிறைவேறிய தேதியையும் மறுத்தவர், ஒதுங்கியவர் விவரத்தையும் மினிட்ஸில் சேர்க்க வேண்டும். மின்னஞ்சல் அச்சுப்படிகளை மினிட் புத்தகத்தில் ஒட்டக்கூடாது. அவற்றைத் தனிக் கோப்பில் பத்திரப்படுத்த வேண்டும்.

‘எப்படியும் மறுப்பார்’ என்றோ வெளிநாட்டில் இருக்கிறார் என்றோ ஓர் இயக்குநருக்கு வரைவை அனுப்பாமல் விடுவதுதான் பெரிய தவறு. மற்ற ஐவரும் சம்மதித்தாலும் அது முறையாக நிறைவேறிய தீர்மானம் ஆகாது; மினிட்ஸில் ஏற்றினாலும் குறை தீராது. அப்போதுதான் பின்னேற்பு உண்மையிலேயே தேவைப்படுகிறது. முறைப்படி அறிவிப்பு கொடுத்துக் கூட்டம் கூட்டி, தீர்மானத்தைப் புதிதாக நிறைவேற்றி, இடைப்பட்ட நாட்களில் அதை நம்பிச் செய்த செயல்களை இன்னின்னவை என்று பெயர் சொல்லி இயக்குநர் குழு ஏற்க வேண்டும். பழைய தேதியிட்டு எழுதக்கூடாது. அந்த மினிட்ஸில் இருக்க வேண்டியது கூட்டம் நடந்த தேதிதான்.