4,000 பெருசா, 5,000 பெருசா? சென்ட்ரிஃபியூஜ் ஒப்பிடுவது எப்படி?

நெய்யூரில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபுக்கு சென்ட்ரிஃபியூஜ் வாங்கணும்னு வெச்சுக்குவோம். வாட்ஸ்அப்பில் இரண்டு ஸ்பெக் ஷீட் போட்டோ வருது. ஒன்றில் 4,000 ஆர்பிஎம், ரோட்டர் ஆரம் 15 செ.மீ. மற்றதில் 5,000 ஆர்பிஎம், ஆரம் 90 மி.மீ. அப்படியே அட்டவணையில் ஏற்றினால் இரண்டாவதுதான் பவர்ஃபுல்லாகத் தெரியும்.

ஆனால் சீரத்தைப் பிரிப்பது சுற்று எண்ணிக்கை மட்டுமல்ல, அதனால் கிடைக்கும் விசை. அதற்கான கணக்கு, ஆரம் செ.மீ.யில்:

```
RCF = 0.00001118 × r × rpm²
```

முதல் மெஷினுக்கு 2,683 g, இரண்டாவதுக்கு சுமார் 2,516 g. குறைவாகச் சுற்றுவதுதான் முந்துது!

90 மி.மீ.யை 9 செ.மீ. ஆக்காமல் போட்டால் 25,155 g வரும். பத்து மடங்கு தாவினால் அலகைச் சந்தேகப்படுங்க. அட்டவணையில் ஷீட்டில் உள்ளபடி ஒரு கட்டம், மாற்றிய எண்ணுக்கு இன்னொரு கட்டம் வெச்சா, போட்டோவோடு சரிபார்ப்பது சுலபம்.