250-க்கு அப்பால் முந்துவது யார்?

ஒரு பக்கம் 50x. இதைவிட எளிய பல்லுறுப்புக்கோவை கிடைப்பது அரிது. மறுபக்கம் x³/(x + 1000) என்ற விகிதமுறு சார்பு. x பெரிதாகிக்கொண்டே போனால் இந்த இரண்டில் எது முந்தும்?

எண்களைப் போட்டுப் பார்க்கத்தான் கை முதலில் போகும். x = 10 என்றால் முதலாவது 500; இரண்டாவது ஒன்றைக்கூட எட்டவில்லை. x = 100 என்றால் 5000-க்கு எதிரே சுமார் 909. அட்டவணையை இத்தோடு மூடிவிட்டால் 50x-தான் பெரியது என்று சத்தியம் செய்யத் தோன்றும். ஆனால் x = 250-இல் இரண்டும் சரியாக 12,500. x = 1000-இல் முதலாவது 50,000; இரண்டாவதோ 5 லட்சம்.

காரணம் பகுதியில் இருக்கும் அந்த 1000. x சிறிதாக இருக்கும்வரை பகுதியின் மதிப்பு ஏறக்குறைய 1000-ஆகவே நின்று, தொகுதியை அமுக்கி வைக்கிறது. x கோடிகளைத் தொடும்போது ஆயிரத்தைக் கூட்டினாலும் கூட்டாவிட்டாலும் ஒன்றுதான். அப்போது சார்பு x³/x, அதாவது x² போல வளரும். தொகுதியின் படியிலிருந்து பகுதியின் படியைக் கழித்தால் 2. 50x-இன் படி 1. 50-க்குப் பதில் 50 கோடி என்று எழுதினாலும் முந்தும் இடம் தள்ளிப்போகுமே தவிர, முடிவு மாறாது.

‘போல வளரும்’ என்று சொன்னால் கணிதம் ஒப்புக்கொள்ளாது. எத்தனை எண்களைப் போட்டுப் பார்த்தாலும் அவற்றுக்கு அப்பால் என்ன நடக்கும் என்ற கேள்வி மிஞ்சும். ஆகவே இரண்டாவதை முதலாவதால் வகுத்து, அந்த விகிதத்தின் எல்லை முடிவிலி என்று நிறுவ வேண்டும். இங்கே முடிவிலி ஓர் எண் அல்ல, x அங்கே போய்ச் சேர்வதும் இல்லை. நீங்கள் எவ்வளவு பெரிய N-ஐக் கேட்டாலும், நான் ஓர் M-ஐத் தர முடியும். X அந்த M-ஐத் தாண்டிய பிறகு விகிதம் எப்போதும் N-ஐவிடப் பெரிதாகவே இருக்கும். அந்த வாக்கியத்துக்குப் பொருள் இவ்வளவுதான்.

தந்து காட்டுவோம். விகிதம் x²/(50(x + 1000)). x ஆயிரமோ அதற்கு மேலோ என்றால் x + 1000 என்பது 2x-ஐத் தாண்டாது. ஆகவே விகிதம் x/100-க்குக் குறையாது. 1000, 100N ஆகிய இரண்டில் பெரியதை M என்று வைத்தால் வேலை முடிந்தது. N = 50 என்று கேட்டால் M = 5000; அந்த இடத்தில் உண்மையான விகிதம் 83-க்கும் மேல். தேவைக்கு அதிகமாகத் தந்துவிட்டோமே என்று கவலைப்பட வேண்டாம். மிகச் சிறிய M-ஐத் தேடச் சொல்லி யாரும் கேட்கவில்லை. இது புரியாமல் இருபடிச் சமன்பாட்டோடு மல்லுக்கட்டுபவர்கள் பலர்.

இனி 50x-ஐ விட்டுவிட்டு x²-உடன் ஒப்பிடுவோம். விகிதம் x/(x + 1000). இதன் எல்லை 1. இப்போது நிபந்தனை வேறு: எவ்வளவு சிறிய எப்சிலானைத் தந்தாலும், ஏதோ ஓர் M-க்குப் பிறகு விகிதத்துக்கும் ஒன்றுக்கும் உள்ள வித்தியாசம் அதற்குள் அடங்கிவிட வேண்டும். வித்தியாசம் 1000/(x + 1000). அது 0.01-க்குள் வர x 99,000-ஐத் தாண்டினால் போதும்.

விகிதம் ஒன்றை நெருங்கினால் இரண்டும் ஏறக்குறைய சமம் என்று நினைத்துவிடுவதுதான் இங்குள்ள பெரிய பொறி. x = 99,000-இல் x² சுமார் 980 கோடி; நம் சார்பு அதைவிட 9.8 கோடி குறைவு. x கூடக் கூட இந்த இடைவெளி குறையாது, எல்லையில்லாமல் விரியும். ‘முடிவிலியில் இருந்து முடிவிலியைக் கழித்தால் பூச்சியம்’ என்று எழுதுபவர் இங்கேதான் மாட்டிக்கொள்வார். இப்படிச் சார்புகளின் வளர்ச்சியை வரிசைப்படுத்தும் முறையை 19-ஆம் நூற்றாண்டில் வளர்த்தவர் பால் டு புவா-ரேமண்ட். அதை 1910-இல் ஒரு சிறு நூலாகத் தொகுத்தவர், பின்னாளில் ராமானுஜனைக் கேம்பிரிட்ஜுக்கு வரவழைத்த ஹார்டி.

இடைவெளியும் மறையும் அளவுக்கு ஒட்டிவரும் பல்லுறுப்புக்கோவை வேண்டுமானால் பள்ளியில் கற்ற நீள் வகுத்தலைச் செய்யுங்கள். ஈவு x² − 1000x + 10,00,000; மீதி −1,00,00,00,000. ஆகவே நம் சார்புக்கும் அந்த ஈவுக்கும் உள்ள வித்தியாசம் நூறு கோடியை x + 1000-ஆல் வகுத்தது. அதன் எல்லை பூச்சியம். ஆனால் அது ஒன்றுக்குக் கீழே இறங்கவே x நூறு கோடியை ஒட்டிப் போயாக வேண்டும்.